பதில் சொன்னவர் பேரை மட்டும் டேக் பண்ணி வந்த ஒரு மெசேஜ்: ரத்ததானக் குரூப்ல நாலரை மணி நேரம் எப்படிப் போச்சு

இது எங்க ரத்ததான வாட்ஸ்அப் குரூப்ல நடந்த ஒரு சம்பவம். யார் பேரும், ஆஸ்பத்திரி பேரும் போடல. சம்பந்தப்பட்ட மூணு பேர்கிட்டயும் கேட்டு, அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன். இந்த மாதிரி குரூப் நடத்துறவங்க நிறைய பேர் இருக்கீங்க, அவங்களுக்காகத்தான் முழுசா எழுதுறேன்.

பின்னணி

தென் மாவட்டத்துல ஒரு பெரிய ஊர். குரூப்ல இருநூறு பேருக்கு மேல இருக்காங்க, முக்கால்வாசி பேரு டோனர்ஸ், அஞ்சாறு பேரு அட்மின். அதுல ஒரு அக்கா கோஆர்டினேட்டர், ஆஸ்பத்திரிலேருந்து, சொந்தக்காரங்ககிட்டேருந்து வர்ற போன் எல்லாம் முதல்ல அவங்களுக்குத்தான் போகும். வேலைக்குப் போறவங்க, ஆபீஸ்ல இருந்துகிட்டே ஒரு கையில இதைப் பாத்துக்குவாங்க.

நாங்க முக்கியமா பாக்குறது பிளேட்லெட் தேவைகள். சாதாரண ரத்தம்னா பேங்க்ல பெரும்பாலும் ஸ்டாக் இருக்கும், செவப்பணுவை ஃபிரிட்ஜ்ல வச்சு ஒரு மாசத்துக்கு மேல பயன்படுத்தலாம். பிளேட்லெட் அப்படி இல்ல, எடுத்து அஞ்சு நாள்தான், அதுவும் 20லேருந்து 24 டிகிரி சூட்டுல ஆட்டிக்கிட்டே வைக்கணும். அதனால யாரும் நிறைய சேத்து வைக்க மாட்டாங்க, தேவை வரும்போதுதான் ஆளைத் தேடணும்.

பிளேட்லெட் ரெண்டு விதமா கிடைக்கும். ஒண்ணு சாதாரணமா குடுத்த ரத்தத்துலேருந்து பிரிச்சு எடுக்குற பை, இதை ஆர்டிபின்னு சொல்லுவாங்க, ஒரு பை போட்டா பெரியவங்களுக்கு 5,000லேருந்து 10,000 வரைக்கும் ஏறும். இன்னொண்ணு எஸ்டிபி, ஒரே ஆள்கிட்டேருந்து மெஷின் வழியா பிளேட்லெட்டை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தைத் திருப்பி அவருக்கே குடுத்துருவாங்க. ஒரு எஸ்டிபி போட்டா 30,000லேருந்து 60,000 வரைக்கும் ஏற வாய்ப்பிருக்கு. ஆனா எஸ்டிபி குடுக்குறவரு பேங்குக்கு வந்து சாம்பிள் குடுத்து, பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கான்னு பாத்து, எச்ஐவி, ஹெபடைடிஸ், மலேரியா மாதிரி தொற்று டெஸ்ட் எல்லாம் முடிஞ்சு, அப்புறம் மெஷின்ல ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காரணும். ஆக மொத்தம் ஆள் கதவைத் தாண்டி உள்ள வந்ததுலேருந்து பை கையில கிடைக்க மூணு நாலு மணி நேரம் சாதாரணமா ஆகும். அதனாலதான் ஆள் எப்ப கிளம்புறாருங்கிறது இங்க அவ்வளவு முக்கியம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லணும். கொஞ்ச காலம் முன்னாடி ஒரு தேவைக்கு மூணு டோனர் ஒரே நேரத்துல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க, ரெண்டு பேரு சும்மா திரும்பினாங்க, அதுல ஒருத்தரு லீவு போட்டு வந்தவரு. அதுக்கப்புறம் அட்மின்கள் எல்லாரும் டோனர்ஸ்கிட்ட சொல்லி வச்சது இதுதான்: பதில் போடுங்க, ஆனா நாங்க சொன்னாதான் கிளம்பணும். இது நல்ல ஏற்பாடுதான். ஆனா "சொல்றது"ன்னா எப்படி இருக்கும், எந்த வார்த்தையில வரும்னு யாரும் எங்கயும் எழுதி வைக்கல.

அன்னைக்கு சாயங்காலம் நடந்தது

நோயாளி 19 வயசுப் பையன், ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ போயிட்டிருந்தது. மதியம் எடுத்த ரிப்போர்ட்ல பிளேட்லெட் 9,000. காய்ச்சலும் இருந்தது, மூக்குலேருந்து லேசா ரத்தம் கசிய ஆரம்பிச்சிருந்தது. ரத்தக்கசிவு இல்லாட்டிக்கூட 10,000க்குக் கீழ போனா டாக்டருங்க பொதுவா பிளேட்லெட் போட்டுருவாங்க, காய்ச்சல் இருந்தா 20,000லயே யோசிப்பாங்க, இங்க ரெண்டும் சேந்து இருந்தது. ராத்திரிக்குள்ள ஒரு எஸ்டிபி ஏற்பாடு பண்ணுங்கன்னு பையனோட அண்ணன்கிட்ட சொல்லிட்டாங்க. ஏ பாசிட்டிவ்.

4:40க்கு அக்கா குரூப்ல தேவையைப் போட்டாங்க. ரத்த வகை, எஸ்டிபின்னு, ஆஸ்பத்திரி எது, "இன்னைக்கு நைட்டுக்குள்ள", அண்ணனோட நம்பர், எல்லாம் அதுல இருந்தது. அந்த மெசேஜ்ல ஒரு குறையும் இல்ல.

4:52க்கு ஒரு தம்பி அந்த மெசேஜை ஸ்வைப் பண்ணி ரிப்ளை போட்டாரு: "அக்கா நான் குடுக்கலாம், ஏ பாசிட்டிவ்தான்". குரூப்ல சேந்து சில மாசந்தான் ஆகுது, ஏற்கனவே ஒரு தடவை எஸ்டிபி குடுத்திருக்காரு.

5:05க்கு அக்கா ஒரு மெசேஜ் போட்டாங்க. அதுல இருந்தது அந்தத் தம்பியோட டேக் மட்டும்தான். @ போட்டு அவர் பேரு. முன்னாடி ஒரு வார்த்தை இல்ல, பின்னாடி ஒரு வார்த்தை இல்ல.

5:07க்கு தம்பி அந்த டேக் மெசேஜ்மேல கட்டைவிரல் ரியாக்ஷன் போட்டாரு.

5:15 வாக்குல அக்கா பையனோட அண்ணனுக்கு போன் பண்ணி, ஆள் கிடைச்சுட்டாரு, வந்துருவாரு, நீங்க பிளட் பேங்க் பக்கத்துலயே இருங்கன்னு சொன்னாங்க. டோனர் நம்பரை நாங்க சொந்தக்காரங்களுக்குக் குடுக்கறதில்ல. முன்ன சில பேருக்கு தேவை முடிஞ்ச பிறகும் போன் வந்துட்டே இருந்ததால எடுத்த முடிவு அது. அதனால அண்ணன் காத்திருந்தாரு. ஏழு மணிக்கு, எட்டு மணிக்கெல்லாம் அவருக்கு சந்தேகம் வந்திருக்கு, ஆனா உதவி பண்றவங்கள தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு பேசாம இருந்திருக்காரு.

9:30க்கு அவரால முடியல, கூப்பிட்டாரு. "அக்கா, இதுவரைக்கும் யாரும் வரலையே."

ராத்திரி எடுத்த முடிவுகள்

அக்கா முதல்ல தம்பிக்கு போன் போட்டாங்க. உடனே எடுத்தாரு. "அக்கா, நீங்க சொல்லுவீங்கன்னுதான் காத்திருந்தேன், இப்ப கிளம்பவா?"ன்னு கேட்டாரு. நல்ல வேளையா அக்கா பதட்டத்துலயும் வழக்கமா கேக்க வேண்டிய கேள்விய கேட்டாங்க: மாத்திரை ஏதும் போட்டீங்களா தம்பி? ஏழு மணிக்கு தலைவலிக்கு ஒண்ணு போட்டேன்னாரு. அட்டையைப் பாத்து வாசிக்கச் சொன்னப்ப அதுல ஆஸ்பிரின் இருந்தது. ஆஸ்பிரின் போட்டா பிளேட்லெட் ஒண்ணோடொண்ணு ஒட்டுற குணம் போயிடும், அந்தப் பிளேட்லெட் உடம்புல புதுசு வர்ற வரைக்கும் திரும்ப சரியாகாது, அதனால மூணு நாளைக்கு எஸ்டிபி எடுக்க மாட்டாங்க. அவருகிட்ட இதைச் சொன்னப்ப ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். இன்னைக்குக் கூப்பிட மாட்டாங்கபோலன்னு நினைச்சுத்தான் மாத்திரை போட்டிருக்காரு, அஞ்சு மணிக்கே கிளம்பச் சொல்லியிருந்தா அந்த நேரத்துக்கு பேங்க்லதான் இருந்திருப்பாரு.

அடுத்த முடிவு, புது டோனர் வர்ற வரைக்கும் பையனை சும்மா வைக்கக்கூடாதுங்கிறது. அண்ணனை டியூட்டி டாக்டர்கிட்ட பேசச் சொன்னோம். பேங்க்ல ஏ பாசிட்டிவ் ஆர்டிபி நாலு பை இருந்தது, டாக்டர் அதை உடனே போடச் சொல்லிட்டாரு. சாயங்காலமே ஆர்டிபி கேட்டிருக்கலாமேன்னு பின்னாடி சில பேரு கேட்டாங்க. கீமோல இருக்குற ஆளுக்கு அடிக்கடி பிளேட்லெட் தேவைப்படும், பல பேரோட ரத்தத்துலேருந்து வந்த பைகளை மாத்தி மாத்திப் போட்டா உடம்பு எதிர்ப்பை உண்டாக்கிக்கிட்டு பின்னாடி எதைப் போட்டாலும் ஏறாமப் போக வாய்ப்பிருக்கு, அதனாலதான் டாக்டர் முதல்ல ஒரே ஆளோட எஸ்டிபி கேட்டது. ராத்திரி நிலைமைக்கு வேற வழி இல்ல.

மூணாவது, குரூப்ல திரும்பவும் போட்டுட்டுக் காத்திருக்காம, ஏ பாசிட்டிவ் லிஸ்ட்ல இருக்குறவங்களுக்கு அட்மின்கள்ல மூணு பேரு பிரிச்சுக்கிட்டு நேரா போன் போட்டோம். ராத்திரி பத்து மணிக்கு குரூப் மெசேஜை நம்பமுடியாது. நாலஞ்சு போனுக்குள்ள ஒரு அண்ணன் எடுத்தாரு, வர்றேன்னு சொன்னாரு. அவரு சொன்ன ஒரு விஷயம்தான் எங்கள இதை முழுசா எழுதி வைக்க வச்சது: "நான் சாயங்காலமே பாத்தேங்க, வர்லாம்னு டைப் பண்ணிட்டிருந்தேன், அதுக்குள்ள அந்தத் தம்பியை டேக் பண்ணிட்டீங்க, ஓகே ஆள் கிடைச்சாச்சுன்னு அழிச்சுட்டேன்."

அவரு 11 மணிக்கு பேங்குக்கு வந்தாரு. டெஸ்ட் ரிசல்ட் வர மணி ஒண்ணேகால் ஆச்சு, மெஷின் முடிய மூணு மணி ஆயிடுச்சு. ஆர்டிபி நள்ளிரவுக்கு முன்னாடியே போயிடுச்சு, எஸ்டிபி விடியறதுக்குள்ள. காலையில எடுத்த ரிப்போர்ட்ல 41,000. மூக்கு ரத்தம் நின்னுடுச்சு. பையன் அந்த வாரம் நல்லாத்தான் இருந்தான்.

அப்புறம் உக்காந்து பாத்தது

ரெண்டு நாள் கழிச்சு அட்மின் எல்லாரும் ஒரு கால் போட்டுப் பேசினோம். யாரையும் குத்தம் சொல்றதுக்கில்லன்னு முதல்லயே முடிவு பண்ணிக்கிட்டோம். அக்காகிட்டயும் தம்பிகிட்டயும் தனித்தனியா ஒரே கேள்வியத்தான் கேட்டோம்: அந்த டேக்கை நீங்க என்னன்னு எடுத்துக்கிட்டீங்க?

அக்கா சொன்னது: "கிளம்புங்கன்னுதான். வேற எதுக்கு அவரை டேக் பண்ணப் போறேன்? நாம சொன்னா கிளம்பணும்னு ரூல் இருக்கு, நான் கூப்பிட்டேன், அவர் தம்ஸ் அப் போட்டாரு, முடிஞ்சது."

தம்பி சொன்னது: "என் பேரை குறிச்சுக்கிட்டாங்கன்னு நினைச்சேன். சரி அக்கா, சொல்லுங்கன்னு தம்ஸ் அப் போட்டேன். கிளம்பச் சொன்னா தனியா சொல்லுவீங்கல்ல." பையனோட அண்ணன் நம்பர்தான் தேவை மெசேஜ்லயே இருந்ததே, நீங்களே கூப்பிட்டிருக்கலாமேன்னு கேட்டதுக்கு, நீங்க சொல்லாம நேரா பேசக்கூடாதுன்னுதானே சொல்லியிருக்கீங்கன்னாரு. அவர் சொன்னது முழுக்க சரி.

ஒரே கட்டைவிரல், போட்டவருக்கு "சொல்லுங்க", பாத்தவருக்கு "வர்றேன்". ரெண்டு பேரும் அடுத்தவங்க அடுத்த அடி எடுப்பாங்கன்னு நம்பி நின்னுட்டாங்க, அதனாலதான் நாலரை மணி நேரம் யாருக்கும் எதுவும் தப்பாத் தெரியல. ரெண்டு பேருல ஒருத்தர் எரிச்சல் பட்டிருந்தாக்கூட கேட்டிருப்பாங்க.

தம்பி ஏன் அதை "குறிச்சுக்கிட்டாங்க"ன்னு படிச்சாருன்னு பழைய மெசேஜ் எல்லாம் மேல தள்ளிப் பாத்தேன். நம்ம குரூப்லயே வெறும் டேக் பல அர்த்தத்துல ஓடிட்டிருக்கு. யாராவது ரத்தம் குடுத்துட்டு வந்தா, அட்மின் அவர் பேரை மட்டும் டேக் பண்ணுவாரு, கீழ எல்லாரும் கைதட்டுவாங்க, அது நன்றி. யாராவது ஒரு நம்பர் தர்றேன்னு சொல்லி மறந்துட்டா பேரை மட்டும் டேக் பண்ணுவாங்க, அது ஞாபகப்படுத்துறது. புதுசா யாராவது பதில் போட்டா ஒரு அட்மின் டேக் போட்டு வைப்பாரு, பின்னாடி தேடும்போது சீக்கிரம் கிடைக்கும்னு. தம்பி சேந்ததுலேருந்து அவர் கண்ணுல பட்டது அதிகம் இந்தக் கடைசி வகையும் நன்றி வகையுந்தான். "கிளம்புங்க"ங்கிற அர்த்தத்துல அக்கா மட்டும்தான் போட்டிருக்காங்க, அதுவும் பழைய டோனர்ஸ்க்கு, அவங்களுக்கு அக்காவோட பழக்கம் தெரியும், உடனே போன் பண்ணிருவாங்க.

அடுத்து பாத்ததுதான் நாங்க யாருமே எதிர்பார்க்காதது. அக்கா போனை வாங்கி அந்த மெசேஜைப் பாத்தப்ப, அது வெறும் பேரா தெரியல. அவங்க டோனர்ஸை காண்டாக்ட்ல சேவ் பண்றப்பவே பேருக்குப் பின்னாடி "ஏ பாசிட்டிவ் எஸ்டிபி ரெடி"ன்னு சேத்துத்தான் சேவ் பண்ணுவாங்க, அவசரத்துல தேட வசதியா இருக்கும். வாட்ஸ்அப்ல டேக்ங்கிறது உள்ளுக்குள்ள ஒரு நம்பரோட இணைஞ்சது, பேரை ஒவ்வொருத்தர் போனும் அவங்கவங்க காண்டாக்ட்லேருந்து எடுத்துக் காட்டும். அதனால அக்கா ஸ்கிரீன்ல அது பேரு, ரத்த வகை, ரெடி, எல்லாம் சேந்த ஒரு முழு வாக்கியம் மாதிரி இருந்தது. தம்பி போன்ல அவர் பேரு மட்டும். அவர் நம்பரை சேவ் பண்ணாதவங்களுக்கு அவர் வாட்ஸ்அப்ல வச்சிருக்குற பேரோ, நம்பரோதான். அனுப்பினவங்களுக்கு எதுவும் விட்டுப்போன மாதிரியே தோணாததுக்கு இது ஒரு பெரிய காரணம்னு நான் நினைக்கிறேன். வேற குரூப் நடத்துறவங்க உங்க காண்டாக்ட் லிஸ்டை ஒரு தடவை இந்தக் கண்ணோட பாருங்க.

மூணாவதா, அந்த டேக்கோட மெசேஜ் இன்ஃபோவை அக்கா திறந்து காட்டினாங்க, அது அனுப்பினவங்களுக்கு மட்டும்தான் தெரியும். யாரெல்லாம் எப்ப படிச்சாங்கன்னு அதுல இருந்தது. ஏ பாசிட்டிவ் ஆட்கள்ல ராத்திரி வந்த அண்ணன் உட்பட சில பேரு ஆறு மணிக்குள்ளயே படிச்சிருக்காங்க. அந்த டேக்குக்கு முன்னாடி வரைக்கும் இந்தத் தேவை திறந்து கெடந்தது, டேக் வந்ததும் எல்லார் மனசுலயும் மூடிடுச்சு. ஒரு ஆளைக் கூப்பிடறதுக்காகப் போட்டது, மத்த எல்லாரையும் போகச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு. தம்பி வராததை விட இதுதான் எங்களுக்குப் பெரிய நஷ்டம்னு நான் சொல்லுவேன், ஏன்னா ஒரு டோனர் எந்தக் காரணத்துக்கும் தட்டிப்போகலாம், எண்ணிக்கை கம்மியா இருக்கலாம், நரம்பு சரியா கிடைக்காமப் போகலாம், அப்ப ரெண்டாவது ஆள் கையில இருக்கணும்.

மாத்தினது, மாத்தாம விட்டது

முதல்ல ஒருத்தரு சொன்ன யோசனை, அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி செட்டிங்கை மாத்திரலாம்னு. வேண்டாம்னு முடிவு பண்ணோம். டோனர் குரூப்லயே பதில் போடறதுனாலதான் அடுத்தவங்களுக்கும் ஒரு உந்துதல் வருது, எல்லாம் தனி மெசேஜா போச்சுன்னா அக்கா ஒருத்தங்க போன்ல எல்லாம் மாட்டிக்கும். தேவைக்கு வாட்ஸ்அப்ல போல், அதாவது ஓட்டெடுப்பு போடலாம்னு இன்னொருத்தர் சொன்னாரு. போல்ல ஓட்டுப் போடறதும் ரியாக்ஷன் மாதிரிதான், வர்றேன்னு அர்த்தமா வரமுடியும்னு அர்த்தமான்னு தெரியாது.

கடைசியில மாத்தினது கொஞ்சம்தான். பதில் சொன்னவரை டேக் பண்ணா, அதே மெசேஜ்ல அவர் என்ன செய்யணும், எத்தனை மணிக்குள்ளன்னு ஒரு வரி இருந்தே ஆகணும். இப்ப அக்கா போடுறது இப்படி இருக்கும்: "@ தம்பி பேரு, இப்ப கிளம்புங்க, ஆறு மணிக்குள்ள பிளட் பேங்க்ல இருக்கணும், தலைவலி மாத்திரை போடாதீங்க, சாப்பிட்டுட்டு வாங்க, கிளம்பினதும் எனக்கு கால் பண்ணுங்க." சும்மா குறிச்சு வைக்கிறதுன்னா அதையும் எழுதணும்: "பேரு எழுதிக்கிட்டேன், இன்னும் கிளம்ப வேண்டாம், அரை மணி நேரத்துல சொல்றேன்." அந்த நேரம் போடறது ரொம்ப உதவுது, ஏன்னா அரை மணி தாண்டினா டோனரே கேக்கறாரு.

ரியாக்ஷனை பதிலா எடுத்துக்கிறதில்ல. டேக் போட்டு பத்து நிமிஷத்துக்குள்ள டோனர்கிட்டேருந்து கால் வரலைன்னா அட்மின் கூப்பிடணும், கட்டைவிரல் இருந்தாலும் சரி.

தேவையை மூடறதுக்கு தனி மெசேஜ். டோனர் கிடைச்சதும் மூடறதில்ல, சாம்பிள் பாஸ் ஆகி மெஷின்ல உக்காந்த பிறகுதான் "இந்தத் தேவை முடிஞ்சது"ன்னு பழைய மெசேஜுக்கு ரிப்ளையா போடறோம். அது வர்ற வரைக்கும் ரெண்டாவது ஆளைத் தயாரா வச்சிருப்போம், அவரையும் டேக் பண்ணி, நீங்க ரெண்டாவது, வீட்லயே இருங்க, மாத்திரை போடாதீங்கன்னு எழுதிருவோம். ரெண்டாவதா இருக்குறது சில பேருக்கு சலிப்பா இருக்கு, அது உண்மை. ஆனா ஒன்றரை லட்சம் இல்லைன்னு முதல் ஆளைத் திருப்பி அனுப்பின நேரத்துல ரெண்டாவது ஆள் இருந்ததால தப்பிச்ச சம்பவமும் அதுக்கப்புறம் நடந்திருக்கு.

அக்கா காண்டாக்ட்ல ரத்த வகை சேத்து சேவ் பண்றதை மாத்தல. அவங்க சொன்னாங்க, ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு தேடணும்னா அதுதான் வழின்னு. நியாயம்தான். அனுப்பறதுக்கு முன்னாடி, பேரைத் தவிர நான் என்ன டைப் பண்ணியிருக்கேன்னு மட்டும் பாக்கறதா சொன்னாங்க, பாக்கறாங்க.

சொந்தக்காரங்ககிட்டயும் ஒண்ணு சேத்து சொல்றோம். டோனர் இத்தனை மணிக்கு வருவாரு, அரை மணி தாண்டினா தயங்காம எங்களக் கூப்பிடுங்க, அது தொந்தரவு இல்லன்னு. அந்தப் பையனோட அண்ணன் ரெண்டு மணி நேரம் பேசாம இருந்ததை நினைச்சா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. அவருக்கு அந்த உரிமைய நாங்க முன்னாடியே குடுத்திருக்கணும்.

அதுக்கப்புறம்

அதுக்குப் பிறகு வந்த தேவைகள்ல வெறும் டேக் சுத்தமா நின்னுருச்சுன்னு சொல்ல முடியாது. புதுசா சேந்தவங்க போடுவாங்க, சில பழைய ஆட்களும் அவசரத்துல போடுவாங்க. அப்ப என்ன பண்றோம்னா, டேக் ஆனவருதான் கேக்கணும்னு இல்லாம, பாத்த யாரு வேணும்னாலும் உடனே அந்த மெசேஜுக்கு ரிப்ளையா "எதுக்குக் கூப்பிடுறீங்க, கிளம்பணுமா, காத்திருக்கணுமா?"ன்னு கேக்கலாம்னு சொல்லியிருக்கோம். தனக்கு வந்த டேக்கைப் பத்தி தானே கேக்க சின்னப் பசங்களுக்கு கூச்சமா இருக்கு, அட்மின் வயசுல பெரியவங்க, கேட்டா எதிர்த்துப் பேசற மாதிரி ஆயிடுமோன்னு. மூணாவது ஆள் கேட்டா அந்தச் சங்கடம் இல்ல. இது நல்லா வேலை செய்யுது.

அந்தத் தம்பி குரூப்லயேதான் இருக்காரு. மூணு வாரம் கழிச்சு வேற ஒரு அம்மாவுக்கு எஸ்டிபி குடுத்தாரு. அன்னைக்கு அக்கா போட்ட டேக்குக்குக் கீழ மூணு வரி இருந்தது, அவரு படிச்சிட்டு ரியாக்ஷன் போடாம நேரா போன் பண்ணாரு.

இன்னும் தீராத ஒரு பிரச்சனை இருக்கு, அதையும் எழுதிடறேன், யாருக்காவது வழி தெரிஞ்சா சொல்லுங்க. வயசான ரெண்டு அட்மின் @ போட்டுட்டு லிஸ்ட்லேருந்து பேரைத் தேர்ந்தெடுக்காம கையாலயே பேரை டைப் பண்ணிடறாங்க. பாக்கறதுக்கு டேக் மாதிரியே இருக்கும், ஆனா கலர் மாறாது, அது டேக்கே இல்ல, வெறும் எழுத்து. நிஜ டேக்னா குரூப்பை மியூட்ல வச்சிருக்குறவருக்கும் தனியா நோட்டிஃபிகேஷன் வரும், இதுக்கு வராது. நம்ம டோனர்ஸ்ல நிறைய பேரு மியூட்லதான் வச்சிருக்காங்க, இருநூறு பேரு இருக்குற குரூப்ல அதைத் தப்புன்னும் சொல்ல முடியாது. என்ன செய்யணும், எத்தனை மணிக்குன்னு எல்லாம் சரியா எழுதியிருந்தாலும் அது அவர்கிட்ட போய்ச் சேராது. இப்போதைக்கு அந்த பத்து நிமிஷ கால்தான் இதைப் பிடிக்குது. அந்த ரெண்டு பேருக்கும் நேர்ல போய் உக்காந்து காட்டிக் குடுத்திருக்கோம், ஒருத்தருக்கு வந்துடுச்சு, இன்னொருத்தருக்கு எழுத்து சின்னதா இருக்குறதால லிஸ்ட்ல பேரைத் தொடும்போது பக்கத்துப் பேரு விழுந்துடுது, அதனால அவரு தேவை வந்தா டைப் பண்ணாம நேரா அக்காவுக்கு போன் பண்ணிடறாரு.